மேலே கறுப்பு, உள்ளே மாவு: ஸ்பாஞ்ச் கேக்கின் மேல்புறம் சீக்கிரம் சிவந்துபோனால்

கேக் வைத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை, மேல்புறம் பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டது. இருபத்தைந்தாவது நிமிடம் காப்பிக்கொட்டை நிறம். குச்சி குத்தினால் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வருகிறது. இப்படி ஆனால் அடுத்த முறை சூட்டைக் குறைத்து வைப்போம், இல்லையா? நானும் ரொம்ப நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சில ஓவன்களில் அதுவே சரியான வைத்தியம். ஆனால் மேல் ராடால் வந்த கோளாறுக்கு அதைச் செய்தால் கேக் காய்ந்து, தட்டையாகி, அப்போதும் மேலே கறுத்துத்தான் வரும். எது எந்தக் கோளாறு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

பேச்சுக்கு ஒரே கேக்கை வைத்துக்கொள்வோம். ஓடு நீக்கிய மூன்று முட்டை ஏறக்குறைய 150 கிராம் இருக்கும். அதே 150 கிராம் வெண்ணெய், 150 கிராம் பொடித்த சர்க்கரை, 150 கிராம் மைதா, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு டேபிள்ஸ்பூன் பால், கொஞ்சம் வெனிலா. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து இலேசாகும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சலித்த மாவைக் கலந்து, பாலை ஊற்றி, 18 சென்டிமீட்டர் வட்ட டின்னில் ஊற்றினால் 160 டிகிரியில் 40 முதல் 45 நிமிடத்தில் வெந்துவிட வேண்டும். மேலே நிறம் பிடிக்க ஆரம்பிப்பது 25 நிமிடத்துக்குப் பிறகு இருந்தால் நல்லது. டிகிரி என்று இங்கே சொல்வதெல்லாம் செல்சியஸ்.

## கேக் இப்போது ஓவனுக்குள் இருக்கிறதா?

காரணம் அப்புறம் பார்க்கலாம். முதலில் அதைக் காப்பாற்றுவோம்.

25 நிமிடம் தாண்டியிருந்தால் கண்ணாடி வழியாக நடுப்பகுதியைப் பாருங்கள். உப்பி எழுந்து, அசைவில்லாமல் நின்றால் உள்ளே கட்டமைப்பு பிடித்துவிட்டது. அலுமினிய ஃபாயிலில் டின்னைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு எடுத்து, நடுவில் இலேசாக மடித்துக் கூரைபோல ஆக்கிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து, அதை டின்மேல் கவிழ்த்து, உடனே மூடிவிடுங்கள். ஃபாயில் கேக்கைத் தொடக் கூடாது, தொட்டால் மேல்தோல் உரிந்து அதோடு வந்துவிடும். மேலே உள்ள ராடையும் தொடக் கூடாது. டின்னின் விளிம்பில் இறுக்கி மூடவும் வேண்டாம், ஆவி வெளியே போக வழி வேண்டும். உள்ளே ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் மட்டும் இரண்டு ஓரத்தை டின்னின் விளிம்பில் இலேசாக மடித்து விடுங்கள், இல்லாவிட்டால் பறந்துவிடும். பளபளப்பான பக்கம் மேலேயா கீழேயா என்று யோசிக்க வேண்டாம், அதில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

பதினைந்தாவது நிமிடத்திலேயே சிவந்துவிட்டால்? அப்போது கதவைத் திறக்காதீர்கள். நடுப்பகுதி இன்னும் குழம்பாகத்தான் இருக்கும். குளிர்காற்று பட்டால் அமுங்கிவிடும், அமுங்கிய கேக் மறுபடி எழாது. வெளியில் இருந்தே செய்யக்கூடியதைச் செய்யுங்கள்: மேல் ராடைத் தனியாக அணைக்க முடிந்தால் அணையுங்கள், முடியாவிட்டால் சூட்டை 10, 15 டிகிரி இறக்குங்கள். 25 நிமிடம் ஆனதும் ஃபாயில் போடுங்கள். மேல்புறம் கொஞ்சம் கூடுதலாகக் கறுக்கும்தான். கறுத்த தோலைச் சீவி எறியலாம், அமுங்கிய நடுவுக்கு மருந்து கிடையாது.

## மேல்புறம் ஏன் முந்திக்கொள்கிறது

உள்ளே தண்ணீர் இருக்கிறவரை கேக்கின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நடுப்பகுதி 96, 98 டிகிரிக்கு வந்தாலே கேக் வெந்துவிட்டது என்று அர்த்தம். மேல்தோலின் கதை வேறு. அங்கே ஈரம் முதலில் காய்கிறது. காய்ந்த பிறகு சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறுகிறது. 140 டிகிரி பக்கம் வரும்போது முட்டை, மாவில் உள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து வேகமாகச் சிவக்க ஆரம்பிக்கின்றன. அதற்கு மேல் போனால் சர்க்கரை தனியாகவே கருகத் தொடங்கும்.

ஆக, இது இரண்டு வேலைகளுக்கு இடையே நடக்கும் ஓட்டப்பந்தயம். ஒரு பக்கம் நடுப்பகுதி 98 டிகிரிக்கு வர வேண்டும், மறுபக்கம் தோல் காய்ந்து சிவக்கிறது. தோலுக்குச் சூடு இரண்டு வழியில் வருகிறது. ஓவனுக்குள் இருக்கும் சூடான காற்று ஒன்று, அது கேக்கின் எல்லாப் பக்கத்தையும் தொடுகிறது. மற்றது மேல் ராடு சிவந்து எரியும்போது அடிக்கிற நேரடி அனல், அது மேல்தோலை மட்டும்தான் தாக்கும். வெயிலில் நிற்கும்போது காற்று அவ்வளவு சூடாக இல்லாவிட்டாலும் தலை மட்டும் சுடுமே, அதே கணக்கு.

டயலில் தெரிவது காற்றின் சூடு. ராடின் அனல் அதில் தெரியாது. சூட்டைக் குறைத்தும் மேலே கறுப்பது இதனால்தான்.

## முதல் சோதனை: கேக்கைக் கவிழ்த்துப் பாருங்கள்

கெட்டுப்போன கேக்கைத் தூக்கி எறியும்முன் கவிழ்த்து, அடிப்பாகத்தின் நிறத்தைப் பாருங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் கிடைக்கிற பெரிய துப்பு அதுதான்.

அடிப்பாகம் வெளிறிப்போய், பக்கவாட்டும் மஞ்சளாக, மேலே மட்டும் கறுப்பு என்றால் மேல் அனல் அதிகம். அடுத்த பகுதியைப் படியுங்கள்.

மேலும் கீழும் பக்கமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவனின் சூடே அதிகம். அதற்கு அடுத்த பகுதி உங்களுக்கு.

அடிப்பாகம் அழகான பொன்னிறம், பக்கமும் அப்படியே, மேலே மட்டும் ஒரு சாயல் கூடுதல், உள்ளே நன்றாக வெந்திருக்கிறது என்றால் உங்கள் கேக்குக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுங்கள்.

## மேலே கறுப்பு, அடியில் வெளிறல்

என் தங்கை புது ஓவன் வாங்கிய மாதத்தில் இதே புகாரோடு போன் செய்தாள். மேலே கொடுத்த அதே அளவுக் கேக்கைத்தான் செய்திருந்தாள். முதல் தடவை 170-இல் வைத்திருக்கிறாள், மேலே கறுப்பு, உள்ளே மாவு. இரண்டாவது தடவை 150-க்கு இறக்கியிருக்கிறாள். வேக 65 நிமிடம் எடுத்தது, ஓரமெல்லாம் ரஸ்க் மாதிரி காய்ந்துவிட்டது, மேலே அப்போதும் கறுப்புதான்.

"அக்கா, இன்னும் குறைக்கட்டுமா?"

"குறைக்காதே. முதலில் அதைக் கவிழ்த்துப் போட்டோ எடுத்து அனுப்பு."

வந்த படத்தில் அடிப்பாகம் பச்சை மாவு மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஓவனின் சூடு அதிகம் என்றால் இது நடக்காது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டேன், மூன்று விஷயம் வெளியே வந்தது.

முதலாவது, குமிழ். முன்சூடு செய்யும்போது மேல், கீழ் இரண்டு ராடையும் போட்டிருக்கிறாள். சீக்கிரம் சூடேற அது சரிதான். கேக்கை உள்ளே வைத்த பிறகு கீழ் ராடு மட்டும் என்று குமிழைத் திருப்ப மறந்திருக்கிறாள். சின்ன ஓவன்களில் இதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. அதிலும் கேக்கின் குறி எது, ரொட்டி சுடுவதற்கான குறி எது என்பது ஓவனுக்கு ஓவன் மாறுகிறது. குமிழில் உள்ள படத்தில் கீழே மட்டும் ஒரு கோடு இருந்தால் கீழ் ராடு, மேலும் கீழும் கோடு இருந்தால் இரண்டும். சந்தேகம் இருந்தால் ஓவனைக் காலியாக ஐந்து நிமிடம் ஓடவிட்டு, எது சிவக்கிறது என்று கண்ணாடி வழியாகவே பார்த்துவிடலாம். ராடு வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருக்கும் ஓவனுக்கு மட்டும் இது உதவாது.

இரண்டாவது, தட்டின் உயரம். நடுத்தட்டில் வைக்க வேண்டும் என்று எங்கோ படித்து அப்படியே வைத்திருக்கிறாள். பெரிய ஓவனுக்கு அது சரி. சின்ன ஓவனில் பார்க்க வேண்டியது தட்டு எங்கே இருக்கிறது என்பதல்ல, எழும்பிய கேக்கின் உச்சிக்கும் மேல் ராடுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. அவளை ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னேன். நடுத்தட்டில் இருந்து மேல் ராடு 12 சென்டிமீட்டர். கேக் எழும்பினால் 7 சென்டிமீட்டர். மிச்சம் வெறும் 5. கடைசித் தட்டுக்கு இறக்கினால் 10 கிடைத்தது. ஓவன் ஆறியிருக்கும்போது காலி டின்னை உள்ளே வைத்து இதை ஒரு தடவை அளந்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் தெரிந்துகொள்ளலாம். 8 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நான் அந்தத் தட்டை நம்புவதில்லை.

மூன்றாவது, முன்சூடு முடியும்முன் வைத்தது. விளக்கு அணைந்ததும் சூடு ஏறிவிட்டது என்று உடனே வைத்திருக்கிறாள். விளக்கு அணைவது காற்று அந்தச் சூட்டைத் தொட்டுவிட்டது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். ஓவனின் சுவரும் தட்டும் இன்னும் சூடேறியிருக்காது. கதவைத் திறந்ததும் சூடான காற்று வெளியே போய்விடும், மூடியதும் ராடு முழு வேகத்தில் மறுபடி எரியத் தொடங்கும். கேக்கின் முதல் பத்து நிமிடம் முழுக்க அனலுக்கு அடியிலேயே கழிகிறது. விளக்கு அணைந்த பிறகும் இன்னொரு பத்து நிமிடம் காத்திருந்தால் சுவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ராடு அவ்வளவு நேரம் எரிய வேண்டியிருக்காது.

மூன்றையும் திருத்தி, 160-இல் வைத்தாள். 28-வது நிமிடம் நிறம் பிடிக்க ஆரம்பித்தது, 43-இல் குச்சி சுத்தமாக வந்தது. ஆனால் அடிப்பாகம் இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டது. கீழ் ராடு மட்டும், அதுவும் அதற்குப் பக்கத்துத் தட்டு என்றால் அப்படி ஆகக்கூடும். டின்னின் அடியில் பட்டர் பேப்பரை ஒன்றுக்கு இரண்டாகப் போடச் சொன்னேன், அடுத்த கேக்கில் சரியாகிவிட்டது.

### மேல் ராடைத் தனியாக அணைக்க முடியாவிட்டால்

குமிழில் அந்த வசதியே இல்லாத ஓவன்கள் உண்டு. அதற்கு ஒரு குடை பிடிக்க வேண்டும். ஓவனோடு வந்த தட்டையான ட்ரேயைக் காலியாக மேல் தட்டில் வையுங்கள். ராடின் அனல் ட்ரேமேல் விழும், கேக்மேல் நேராக விழாது. முன்சூட்டின்போதே ட்ரே உள்ளே இருக்கட்டும். ட்ரேயைச் சுற்றி நான்கு பக்கமும் கொஞ்சம் இடைவெளி வேண்டும், முழுக்க அடைத்தால் காற்று சுற்றாமல் நடுப்பகுதி வேகத் தாமதமாகும். ட்ரே ராடை உரசவும் கூடாது, எழும்பும் கேக்கை உரசவும் கூடாது. உயரம் இல்லாத ஓவனில் இந்த வழி செல்லாது. அங்கே மாவைப் பாதியாக்கி, தட்டையான டின்னில் சுடுவதே மேல்.

## மேல், கீழ், பக்கம் எல்லாமே கறுப்பு

இங்கேதான் சூட்டைக் குறைப்பது சரியான வைத்தியம். எவ்வளவு குறைப்பது என்பதை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள்.

ஓவனுக்குள் வைக்கிற தெர்மோமீட்டர் ஒன்று வாங்கி, கேக் வைக்கிற அதே தட்டில் நடுவில் நிறுத்துங்கள். டயலை 160-இல் வைத்து, முன்சூடு முடிந்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதுங்கள். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். ராடு எரியும், அணையும், மறுபடி எரியும், அதனால் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். என் பழைய ஓவனில் அரை மணி நேரத்தில் நான் எழுதியவை: 188, 176, 168, 184, 178, 170. சராசரி 177. டயல் சொன்னதைவிட 17 டிகிரி கூடுதல். அதன் பிறகு சமையல் குறிப்பில் 160 என்று இருந்தால் நான் 145-க்குக் கொஞ்சம் கீழே வைப்பேன். அந்த ஓவன் போகிறவரை கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

உள்ளே ஃபேன் சுற்றுகிற ஓவனாக இருந்தால் தெர்மோமீட்டரை வாங்கும்முன் அதை யோசியுங்கள். ஃபேன் சூடான காற்றைக் கேக்கின் தோலில் அடித்துக்கொண்டே இருக்கும், தோல் சீக்கிரம் காயும். சாதாரண ஓவனுக்கு எழுதிய குறிப்பை ஃபேன் ஓவனில் செய்தால் 20 டிகிரி குறைக்க வேண்டும். ஃபேனைத் தனியாக அணைக்க முடிந்தால் ஸ்பாஞ்சுக்கு அணைத்துவிடுவேன்.

மேல்புறம் ஓரளவு சரி, பக்கமும் அடியும் மட்டும் கறுப்பு என்றால் டின்னைப் பாருங்கள். கறுப்பு நிற டின் அனலை நன்றாக உறிஞ்சும். வெளிறிய அலுமினிய டின்னுக்கு மாறினாலே போதும், மாற முடியாவிட்டால் 10 டிகிரி குறையுங்கள்.

## நடுவில் குன்றுபோல எழும்பி, வெடித்து, உச்சி மட்டும் கறுப்பு

இது சூடு அதிகம் என்பதன் இன்னொரு முகம், கூடவே டின் சின்னது என்றும் சொல்லும். ஓரம் சீக்கிரம் வெந்து இறுகிவிடுகிறது. மேல்தோலும் காய்ந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மாவு கடைசியாக எழும்பும்போது போக வழியில்லாமல் நடுவைப் பிளந்துகொண்டு வருகிறது. பிளந்து உயர்ந்த அந்த உச்சி ராடுக்குப் பக்கத்தில் போய்க் கருகுகிறது.

மாவை டின்னில் பாதி அளவுக்கு, அதிகம் போனால் மூன்றில் இரண்டு பங்குக்கு ஊற்றுங்கள். இதே மூன்று முட்டை மாவை 15 சென்டிமீட்டர் டின்னில் ஊற்றினால் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும். நடுப்பகுதி வேக ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், அவ்வளவு நேரம் எந்தத் தோலும் தாங்காது. சின்ன டின்தான் இருக்கிறது என்றால் மாவை இரண்டு டின்னில் பிரித்து ஊற்றுங்கள். தட்டையான கேக் சீக்கிரம் வெந்துவிடும், கறுக்க நேரமே இருக்காது. இரண்டையும் நடுவில் ஜாம் தடவி ஒட்டிக்கொள்ளலாம்.

## ஒரு பக்கம் மட்டும் கறுப்பு

ஓவனின் ஒரு மூலை கூடுதலாகக் காய்கிறது. பெரும்பாலும் பின்பக்கம்தான். 30-வது நிமிடம் வாக்கில், கேக் நிலைத்த பிறகு, டின்னைப் பாதி வட்டம் திருப்பி வையுங்கள். சீக்கிரம் திருப்பினால் அமுங்கும், அதுவே எல்லை.

எந்த மூலை என்று தெரியாவிட்டால் பிரெட் துண்டுகளைத் தட்டில் வரிசையாகப் பரப்பி, 180-இல் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். எங்கே பிரெட் சிவக்கிறதோ அங்கேதான் கேக்கும் சிவக்கும். துண்டுகளைத் திருப்பி அடிப்பாகத்தையும் பார்த்தால் மேல் அனலுக்கும் கீழ் அனலுக்கும் உள்ள வித்தியாசமும் தெரிந்துவிடும். ஒன்றே ஒன்று, கேக்கின் உச்சி எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்துத் தட்டில் இன்னொரு தடவை வைத்துப் பாருங்கள்.

## புள்ளி புள்ளியாகக் கறுப்பு, அல்லது எல்லாம் சரியாக இருந்தும் கறுப்பு

தோல் முழுக்க மச்சம்போலப் புள்ளிகள் வந்தால் சர்க்கரை கரையவில்லை. பொடித்த சர்க்கரை போடுங்கள், வெண்ணெயோடு இன்னும் கொஞ்ச நேரம் அடியுங்கள்.

ஓவன் சரி, தட்டு சரி, டின் சரி, அப்படியும் சீக்கிரம் சிவக்கிறது என்றால் கலவையில் எதையாவது மாற்றினீர்களா? சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்த்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே சிவக்கும். பால் பவுடர் சேர்த்தாலும் அப்படித்தான். இவற்றுக்கு 10, 15 டிகிரி குறைத்து, நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். பேக்கிங் பவுடர் இல்லையென்று ஆப்பசோடாவை அதே அளவு போட்டிருந்தால் கேக் உள்ளேயும் பழுப்பாக இருக்கும், சோப்பு வாடையும் வரும். அது ஓவனின் குற்றம் இல்லை.

## கறுத்த கேக்கை என்ன செய்வது

முழுக்க ஆறட்டும். சூடாக இருக்கும்போது கத்தி வைத்தால் பிய்ந்து வரும். ஆறியதும் மேல்தோலில் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போடுங்கள். கசக்காவிட்டால் வெறும் நிறம்தான், அப்படியே விடலாம். கசந்தால் பல் வைத்த கத்தியால் தோலை மட்டும் படுக்கைவாட்டில் சீவி எடுத்து, கேக்கைக் கவிழ்த்து அடிப்பாகத்தை மேலே வைத்துவிடுங்கள். அடிப்பாகம் எப்படியும் தட்டையாக இருக்கும், அதன்மேல் கொஞ்சம் பொடித்த சர்க்கரை தூவினால் போதும்.

வெளியே எடுத்த பிறகுதான் நடு வேகவில்லை என்று தெரிந்தால் டின்னில் இருந்து எடுக்காமல், சூடு ஆறும்முன் ஃபாயில் மூடி 150-இல் திரும்ப வையுங்கள். ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை குச்சி குத்திப் பாருங்கள். குத்தும் இடம் நடுவாக இருக்கட்டும், முதலில் குத்திய அதே ஓட்டையில் மறுபடி குத்தாதீர்கள்.